‘ஆண் ஹார்மோன்’, ‘பெண் ஹார்மோன்’: ஒரு குடும்பத்தின் மூன்று ஆய்வறிக்கைகள்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்னும் சொல்லைத் தம் மகளின் பெயருக்குக் கீழே காணும் பெற்றோர் பெரும்பாலும் கலங்கிப் போகின்றனர். “ஐயா, பொண்ணுக்கு ஆம்பளை ஹார்மோன் ஏறிடுச்சாமே, இனி என்ன ஆகும்?” என்ற கேள்வியை வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீடாயின் அந்தக் கலக்கம் இரட்டிப்பாகிறது. அறிக்கையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுச் சிகிச்சையையே நிறுத்திவிடுவோரும் உளர். இந்தக் கலக்கத்தின் வேர் நோயில் இல்லை. அந்த ஹார்மோனுக்கு வழக்கில் இட்டிருக்கும் பெயரில் இருக்கிறது. எனவே இவ்விதழில் அப்பெயரைச் சற்றே ஆராய்வோம்.

எவரையும் குறிக்காத ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை பட்டு நெசவாளர், வயது 66. தாய்க்கு வயது 58. பத்தாண்டுகளுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டது. மகளுக்கு வயது 24. மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையே வருகிறது, தாடையில் முரட்டு முடிகள் முளைத்துள்ளன. தந்தைக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை தொடங்க இருக்கிறது. மூவரின் இரத்தத்திலும் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடயால் ஆகிய இரண்டும் அளக்கப்பட்டன என்று கொள்வோம். ஈஸ்ட்ரோஜன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஹார்மோன்களுள் வலிமை மிக்கது ஈஸ்ட்ரடயால்.

மகளின் அறிக்கையில் டெஸ்டோஸ்டிரோன் 62 என்றும், ஈஸ்ட்ரடயால் 55 என்றும் அச்சாகியிருக்கும். இரண்டும் ஏறக்குறைய சமம் என்று படிப்பவர் எண்ணுவார். ஆனால் இரண்டும் வெவ்வேறு அளவைகளில் எழுதப்பட்டவை. டெஸ்டோஸ்டிரோனை நம் ஆய்வகங்கள் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதுகின்றன. ஈஸ்ட்ரடயாலை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று எழுதுகின்றன. ஒன்றைப் படியிலும் மற்றொன்றை ஆழாக்கிலும் அளந்தது போன்றது இது. இரண்டையும் ஒரே அளவைக்குக் கொண்டுவர, டெஸ்டோஸ்டிரோன் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். அப்போது மகளின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு டெஸ்டோஸ்டிரோன் 620 பிகோகிராமும், ஈஸ்ட்ரடயால் 55 பிகோகிராமும் உள்ளன என்பது தெரியவரும். ‘ஆண் ஹார்மோன்’ எனப்படுவது ‘பெண் ஹார்மோன்’ எனப்படுவதைப் போல் பதினொரு மடங்கு!

இது நோயினால் மட்டும் விளைந்தது என்று எண்ண வேண்டா. எக்குறையும் இல்லாத, மாதவிடாய் ஒழுங்காக வரும் ஒரு பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் 30 இருக்கிறதென்றால் அது 300 பிகோகிராம். மாதவிடாய்ச் சுழற்சியில் சினைமுட்டை வெளிவரும் தறுவாயில் உள்ள ஓரிரு நாள்களைத் தவிர்த்து, ஏனைய நாள்களில் அவருடைய ஈஸ்ட்ரடயால் அந்த அளவை எட்டுவதில்லை. பெண்ணுடலில் மாதத்தின் பெரும்பகுதியில் டெஸ்டோஸ்டிரோனே மிகுதி என்பது இயல்பான நிலை.

இனித் தாய் தந்தையரின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். தந்தையின் டெஸ்டோஸ்டிரோன் 420, ஈஸ்ட்ரடயால் 26. தாயின் டெஸ்டோஸ்டிரோன் 20, ஈஸ்ட்ரடயால் 8. இவை அவரவர் வயதுக்குப் பொருந்திய எண்களே. ஆயினும் ‘பெண் ஹார்மோன்’ தாயைவிடத் தந்தைக்கு மும்மடங்கு இருக்கிறது. அறுபதைத் தொட்ட பெரும்பாலான தம்பதியரின் நிலை இதுவே.

இது எவ்வாறு நேர்கிறது? உடல் இவ்விரு ஹார்மோன்களையும் தனித்தனியே படைப்பதில்லை. இரண்டுக்கும் மூலப்பொருள் கொலஸ்டிராலே. அது படிப்படியாக மாறி முதலில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களாகிறது. பின்னர் அரோமடேஸ் என்னும் நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. டெஸ்டோஸ்டிரோன் வழியாக அன்றி ஈஸ்ட்ரடயாலுக்கு ஒரு வழி உண்டு. அதுவும் மற்றோர் ஆண்ட்ரோஜன் வழியாகவே செல்கிறது. ஆண்ட்ரோஜனைத் தொடாமல் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதே இல்லை. பெண்ணின் சினைப்பையில் முட்டையைச் சுற்றியுள்ள வெளியடுக்குச் செல்கள் ஆண்ட்ரோஜனை உண்டாக்க, உள்ளடுக்குச் செல்கள் அதனைப் பெற்று ஈஸ்ட்ரடயாலாக மாற்றுகின்றன. ஒரு வீட்டில் நூலுக்குச் சாயம் ஏற்றி அடுத்த வீட்டில் நெய்வதைப் போன்ற ஏற்பாடு. ஆணுடலில் விரைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனில் ஆயிரத்தில் சில பங்குகளை மட்டும் கொழுப்பு, தசை, எலும்பு, மூளை ஆகியவற்றில் உள்ள அரோமடேஸ் ஈஸ்ட்ரடயாலாக மாற்றுகிறது. பங்கு சிறிதெனினும் மூலப்பொருள் மிகுதியாதலால், கிடைக்கும் ஈஸ்ட்ரடயால் மாதவிடாய் நின்ற பெண்ணின் அளவை விஞ்சிவிடுகிறது.

இவ்வுண்மை புதிதன்று. ஈஸ்ட்ரோஜன் முதன்முதலில் 1929-இல் கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் காளையின் விரைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கிடைத்த இடத்தை வைத்தே அவற்றுக்குப் பாற்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இடையில், 1934-ஆம் ஆண்டிலேயே, பெர்னார்டு சோண்டெக் என்னும் மருத்துவ அறிஞர் ஈஸ்ட்ரோஜன் மிக ஏராளமாகக் கிடைக்கும் ஓரிடத்தைக் கண்டு வெளியிட்டார். அது ஆண்குதிரையின் சிறுநீர். அன்றே இப்பெயர்களைக் கைவிட்டிருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

ஆணுக்கு ஈஸ்ட்ரோஜன் இருப்பது சரி, அது அவருக்கு எதற்குப் பயன்படுகிறது என்ற வினா எழும். நெடுநாள் மருத்துவர்களும் அதனை ஒரு துணைவிளைவாகவே கருதி வந்தனர். 1994-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஒரு மருத்துவ அறிக்கை அக்கருத்தை மாற்றியது. அதில் விவரிக்கப்பட்டவர் 28 வயது ஆடவர். உயரம் 204 சென்டிமீட்டர். முழங்கால்கள் உட்புறம் வளைந்திருந்தன. அவருடைய டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது. ஈஸ்ட்ரோஜனும் குறைவின்றி இருந்தது. ஆனால் மரபணுப் பிழையால் ஈஸ்ட்ரோஜனின் கட்டளையைப் பெற்றுக்கொள்ளும் ‘ஏற்பி’ என்னும் புரதம் அவர் உடலில் செயல்படவில்லை. பதின்பருவத்தின் இறுதியில் மூடிக்கொள்ள வேண்டிய எலும்பு வளர்ச்சித் தட்டுகள் அவருக்கு 28 வயதிலும் திறந்தே கிடந்தன. அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்புகளோ அடர்த்தி குன்றியிருந்தன. ஆணின் எலும்பு வளர்ச்சியை முடித்துவைத்து உறுதிப்படுத்துவது டெஸ்டோஸ்டிரோன் அன்று, அதிலிருந்து பிறக்கும் ஈஸ்ட்ரோஜனே என்பது இவர் வாயிலாகத் தெளிவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அரோமடேஸ் நொதியே இல்லாத ஆடவர் சிலர் கண்டறியப்பட்டனர். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது வளர்ச்சித் தட்டுகள் மூடின, எலும்பு அடர்த்தி உயர்ந்தது.

இச்செய்தி நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் தந்தைக்கு நேரடியாகப் பொருந்தும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் லியூப்ரோலைட் போன்ற ஊசி, டெஸ்டோஸ்டிரோனை 420-இலிருந்து 20-க்கும் கீழே இறக்கிவிடும். அதுவே சிகிச்சையின் நோக்கம். ஆனால் மூலப்பொருள் வற்றினால் அதிலிருந்து பிறக்கும் ஈஸ்ட்ரடயாலும் வற்றும். இவ்வூசி போட்டுக்கொள்ளும் ஆடவருக்கு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது போன்ற உடல் வெப்ப அலைகளும், வியர்வையும், எலும்பு மெலிவும் வருவது இதனால்தான். எனவே ஊசி தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியை டெக்ஸா ஸ்கேன் மூலம் அளந்துகொள்ள வேண்டும். குழித்தறியில் நாள் முழுதும் வீட்டுக்குள் அமர்ந்து நெய்தவர்களுக்கு வெயில் படுவது குறைவு. ஆகவே வைட்டமின் டி அளவையும் பார்த்துக் குறையை ஈடுசெய்கிறோம். “எலும்புத் தேய்வெல்லாம் பொம்பளைங்க நோய், எனக்கெதற்கு?” என்று ஸ்கேன் எடுக்க மறுத்து, பின்னர்த் தறிக்குழியில் இறங்கும்போது சறுக்கி இடுப்பெலும்பு முறியும் நிலையைத் தவிர்க்கவே இதனை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இங்கே நினைக்கத்தக்கது. நலமான ஆடவர்களின் சொந்த ஹார்மோனை மருந்தால் நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் மட்டும் கொடுத்தனர். ஒரு பிரிவினருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறாதபடியும் தடுத்தனர். தசையின் அளவும் வலிமையும் டெஸ்டோஸ்டிரோனைப் பொறுத்திருந்தன. உடற்கொழுப்பு கூடியது ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால். ஆண்களின் பாலுணர்வுக்கோ இரண்டும் தேவைப்பட்டன.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்குவதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர் சிலர் மார்பு வீங்கி எங்களிடம் வருவதும் இதே கணக்குத்தான். வெளியிலிருந்து மிகுதியாக ஏற்றியதை உடலின் அரோமடேஸ் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அத்துடன், இரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருப்பதைக் கண்ட பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுவதால், விரைகள் சுருங்கி விந்தணு உற்பத்தி நின்றுபோகும். ஊசியை நிறுத்தியபின் அது மீள மாதங்கள் பல ஆகலாம். பதின்பருவச் சிறுவர்களுக்கு மார்பில் சிறிது வீக்கம் காண்பது வேறு. இரு ஹார்மோன்களும் ஏறும் வேகத்தில் உள்ள தற்காலிக வேறுபாட்டால் வருவது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும்.

இனி மகளிடம் வருவோம். 62 என்பது பெரும்பாலான ஆய்வகங்கள் பெண்களுக்குக் குறிக்கும் மேல்வரம்பைச் சற்றே தாண்டியது. மாதவிடாய் தள்ளிப்போவதும் தாடை முடியும் சேர்ந்திருப்பதால், பிற காரணங்களை விலக்கியபின், இது பி.சி.ஓ.எஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நிலை என்று கொள்ளலாம். இந்நிலையில் சினைப்பையின் வெளியடுக்குச் செல்கள் பிட்யூட்டரியின் தூண்டலாலும் மிகுந்த இன்சுலினாலும் தேவைக்கு மேல் ஆண்ட்ரோஜனை உண்டாக்குகின்றன. உள்ளடுக்கு அதற்கு ஈடுகொடுத்து மாற்ற இயலாமல் பின்தங்குகிறது. அந்நியமான ஒரு பொருள் உடலில் புகுந்துவிடவில்லை. எல்லாப் பெண்களுக்கும் இருப்பதே அளவில் மிஞ்சிவிட்டது. அப்பெண் ஆணாக மாறிவிட மாட்டார். தந்தையின் 420-ஐயும் மகளின் 62-ஐயும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தாலே அவ்வச்சம் அடிப்படையற்றது என்பது புரியும். உடல் எடை மிகுந்திருப்பின் அதில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குபடத் தொடங்குகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. குரல் தடித்துப்போதல், தலையின் முன்பகுதியில் வழுக்கை விழுதல், முடி வளர்ச்சி சில மாதங்களுக்குள் விரைந்து பரவுதல் ஆகியவை தோன்றினாலோ, டெஸ்டோஸ்டிரோன் 150, 200 என்று ஏறியிருந்தாலோ, அது பி.சி.ஓ.எஸ் அன்று என்று ஐயுற வேண்டும். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி உள்ளதா என்று தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

இதுவரை அளவைப் பற்றியே பேசினோம். அளவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பட்டு நூலின் பசையை நீக்காமல் சாயத் தொட்டியில் இட்டால், தொட்டி நிறையச் சாயம் இருந்தும் நூல் அதனைச் சரியாக ஏற்காது என்பதை நம் ஊரார் நன்கறிவர். ஹார்மோனும் அத்தகையதே. செல்லில் உள்ள ஏற்பி செயல்பட்டால்தான் ஹார்மோனின் கட்டளை நிறைவேறும். ஆண்ட்ரோஜன் ஏற்பி பிறவியிலேயே முற்றிலும் செயல்படாத சிலர் உள்ளனர். அவர்களுக்கு எக்ஸ், ஒய் என்னும் குரோமோசோம்கள் உண்டு; வயிற்றினுள்ளோ தொடையிடுக்கிலோ விரைகள் உண்டு; டெஸ்டோஸ்டிரோன் ஆடவர் அளவில் சுரக்கிறது. ஆனால் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அது ஈஸ்ட்ரடயாலாக மாறும் பங்கிற்கு மட்டும் உடல் இணங்குகிறது. ஆகவே பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, உரிய வயதில் மார்பகமும் வளர்ந்த பெண்ணாகவே இருக்கின்றனர். கருப்பை இராது, அதனால் பூப்பெய்துவதில்லை, அக்குளில் முடி மிகக் குறைவாக இருக்கும். இரத்தத்தின் எண்ணைப் பார்த்தால் ‘ஆண்’; அந்த எண்ணை உடல் அறியவே இல்லை. பெண் குழந்தைக்கு இரு தொடையிடுக்கிலும் குடலிறக்க வீக்கம் காணும்போதோ, மார்பக வளர்ச்சி இருந்தும் பதினைந்து வயதுக்குள் பூப்பெய்தாதபோதோ இந்நிலை வெளிப்படலாம். அத்தகைய பிள்ளைகளைக் காலம் கடத்தாமல் அழைத்து வாருங்கள்.

இவ்வகை நுட்பங்களை ஓர் எண்ணுக்குள் அடக்க முயன்றதன் துன்பத்தைத் தமிழகம் நேரில் கண்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்னர்ப் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறப்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவியது. அவர் உடலின் விவரங்கள் அவருக்கே உரியவை. அவற்றை ஊகிப்பது எங்கள் வேலையன்று. பின்னாளில் அவர் தடகளப் பயிற்சியாளராகப் பணியேற்றார். ஒடிசாவின் தூத்தி சந்த் 2014-இல் இதேபோல் விலக்கப்பட்டபோது, விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தில் முறையிட்டார். 2015 ஜூலையில் அம்மன்றம் அவ்விதியை இடைநிறுத்தியது. அன்றைய வரம்பு நம் ஆய்வக அளவையில் சுமார் 288. சில வகைப் பிறவி நிலைகளை உடையோருக்கு மட்டும் என்று பின்னர் விதி மாறியபோது, 2018-இல் வரம்பு சுமார் 144 ஆயிற்று. 2023-இல் 72 ஆயிற்று. போட்டியில் நடுநிலை எவ்வாறு காக்கப்பட வேண்டும் என்பதில் இருபுறமும் நியாயமான வாதங்கள் உண்டு. அதனை விளையாட்டு அறிஞரே தீர்க்கட்டும். எட்டாண்டில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய ஒரு கோட்டை, இயற்கை கிழித்த எல்லை என்று மட்டும் எவரும் கொள்ள வேண்டா.

குழந்தைகள் விஷயத்தில் நம் மாநிலம் தெளிவான முடிவை எடுத்துள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்புக்குள் அடங்காத உறுப்புகளோடு பிறக்கும் குழந்தைக்கு, உயிருக்கு ஆபத்து நேரும் நிலையன்றி, பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது. “இப்போதே சரிசெய்துவிடுங்கள்” என்று பெற்றோர் வற்புறுத்தினாலும் நாங்கள் செய்ய இயலாது. அதே வேளையில், இவ்வாறு பிறக்கும் சில குழந்தைகளுக்கு அட்ரீனல் சுரப்பிக் குறையால் உடலில் உப்புச்சத்து இழந்து முதல் சில வாரங்களிலேயே உயிராபத்து நேரலாம். அதற்கு மாத்திரை உண்டு. அதைத் தள்ளிப்போடவே கூடாது. பால் குடிக்க மறுத்தல், இடைவிடா வாந்தி, எடை குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

ஹார்மோன் பரிசோதனைக்கு வருவோர் கவனிக்க: டெஸ்டோஸ்டிரோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருப்பதால், ஆடவர் காலை பத்து மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். பெண்கள் மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வருவது நலம். கடைசியாக மாதவிடாய் வந்த தேதியைச் சீட்டில் குறித்து வாருங்கள். கருத்தடை மாத்திரை உட்கொள்பவர் அதனைத் தெரிவிக்க வேண்டும். முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர் இரண்டு நாள் முன்னதாக நிறுத்திவிட்டு வர வேண்டும். அது இரத்தத்தில் இருந்தால் சில கருவிகள் இவ்விரு ஹார்மோன்களையும் உண்மையைவிட மிகுத்துக் காட்டும்.